ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போன நிகழ்ச்சி அட்டவணை

அப்பா வீட்டு இலவச டிஷ் பாக்ஸில் மாலை 6 மணிக்கு கைடைத் திறந்தால், இரவு 11.30 நிகழ்ச்சி ‘இப்போது’ என்று காட்டியது. திரையில் ஓடியதோ வேறு. பாக்ஸின் கடிகாரம் சரியாக 6 என்றுதான் காட்டியது. அதனாலேயே நான் முதலில் ஏமாந்தேன்.

வித்தியாசம் துல்லியமாக ஐந்தரை மணி என்பதுதான் துப்பு. சிக்னலில் வரும் நேரமும் அட்டவணையும் கிரீன்விச் நேரத்திலேயே வரும், பாக்ஸ்தான் 5.30-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்பா அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைக் கையால் 6 என்று வைத்திருந்தார். அதையே கிரீன்விச் 6 மணி என்று பாக்ஸ் எடுத்துக்கொண்டது. Time Setting மெனுவில் GMT Usage-ஐ On ஆக்கி, GMT Offset-ஐ +05:30 என வைத்ததும் ‘இப்போது’ சரியானது.

இரண்டு சேனல்களில் மட்டும் கைடு இன்னும் காலி. படம் வந்ததால் ஸ்கேன் தேவையில்லை என்று நினைத்தது என் தவறு. அட்டவணை சேனல் எண்ணோடு ஒட்டுவதில்லை, சிக்னலுக்குள் இருக்கும் சேவை அடையாள எண்ணோடுதான் ஒட்டும். பட்டியலில் பழைய எண் இருந்தால் படம் வரலாம், கைடு வராது. பழைய பட்டியலை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன். அழிக்காவிட்டால் பழைய பதிவு அப்படியே தங்கிவிடும்.

பிறகு அந்த இரண்டு சேனல்களிலும் தனித்தனியாகச் சில நிமிடம் விட்டு வைத்தேன். எங்கள் பாக்ஸ், பார்க்கும் அலைவரிசையின் அட்டவணையை மட்டுமே சேகரிக்கிறது. ஒன்று நிரம்பியது. மற்றொன்றில் இன்றும் காலிதான். அந்தச் சேனல் அட்டவணை அனுப்பாவிட்டால் பாக்ஸில் எதை மாற்றியும் வராது.