மூன்றரைப் பக்கம் எழுதியும் ரேஷியோ இல்லை: கேஸ் ப்ரீஃபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சின்னய்யா எதிர் ராமய்யா ப்ரீஃபைப் படித்தேன். மூன்றரைப் பக்கம், மூன்று நிற மை. ஒப்பந்தச் சட்டத் தாளுக்கு இப்படி நாற்பது வழக்கு எழுதினால் நூற்று நாற்பது பக்கம் ஆகிவிடும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அதை யார் புரட்டுவது? ஆனால் நீளம் மட்டும் குறையில்லை. இவ்வளவு எழுதியும் வழக்கைத் தீர்மானித்த தகவல் அதில் விட்டுப்போயிருக்கிறது. உன் தாளையே வைத்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சங்கதிகள். ஒரு மூதாட்டி தன் நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் மகளுக்கு எழுதி வைக்கிறார். தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் மகள் கொடுக்க வேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை. அதே நாளில் மகள், அந்த உடன்பிறந்தவருக்கே நேராக, தொகையைக் கொடுப்பதாகத் தனி ஒப்பந்தம் எழுதித் தருகிறார். பிறகு கொடுக்கவில்லை. வழக்கு வருகிறது. “வாதி எனக்கு எதுவும் தரவில்லையே, மறுபயன் இல்லாத வாக்குறுதி எப்படிக் கட்டுப்படுத்தும்?” என்பது மகளின் வாதம். வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவதுதான் மறுபயன். சென்னை உயர் நீதிமன்றம் வாதி பக்கம் தீர்ப்புச் சொன்னது.

உன் ப்ரீஃபில் 653 என்ற எண் மூன்று இடத்தில் வருகிறது. பத்திரம் பதிவு செய்யப்பட்டது என்பது அடிக்கோடிட்டு இருக்கிறது. ஆனால் மகள் வாதிக்கு நேராக எழுதிக் கொடுத்த அந்த இரண்டாவது ஒப்பந்தம் எங்கேயும் இல்லை. முழு வழக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

எந்தச் சங்கதி தேவை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். அந்தத் தகவலை மாற்றி எழுதிப் பார். தீர்ப்பின் காரணம் அப்படியே நிற்குமா, ஆடுமா? 653-ஐ 6,530 ஆக்கினாலும் ஒன்றும் ஆகாது, எண்ணை விட்டுவிடலாம். “அதே நாளில்” என்பதை “ஐந்து வருடம் கழித்து” என்று மாற்றினால், வழக்கைத் தீர்த்த இருவரில் ஒருவரான நீதிபதி கிண்டர்ஸ்லி சொன்ன காரணமே ஆட்டம் காணும். அது இருக்க வேண்டும். “வாதிக்கு நேராக எழுதிக் கொடுத்தார்” என்பதை எடுத்துவிட்டால் அது வேறு வழக்கு. வாதி மூதாட்டியின் சகோதரி என்று சில குறிப்புகளிலும் சகோதரர் என்று சிலவற்றிலும் இருக்கும். இந்தச் சோதனையில் அதுவும் விழுந்துவிடுகிறது, “உடன்பிறந்தவர்” என்று எழுதிவிட்டுப் போ. ஆண்டும் இப்படித்தான்: தீர்ப்பு 1881, அது அச்சான ஐ.எல்.ஆர். 4 மெட்ராஸ் தொகுதி 1882. இரண்டையும் பார்த்துக் குழம்பாதே. மேற்கோள் எழுதும்போது (1882) ஐ.எல்.ஆர். 4 மெட்ராஸ் 137 என்றே எழுது.

அடுத்தது எழுவினா. “வாதிக்கு ஆண்டுத்தொகை கிடைக்குமா?” என்று எழுதியிருக்கிறாய். அது வாதி கேட்ட பரிகாரம். நீதிமன்றம் தீர்க்க வேண்டியிருந்த சட்டக் கேள்வி வேறு. ஆள் பெயர், ஊர், தொகை எதுவும் இல்லாமல், சட்டப்பிரிவின் சொற்களைக் கொண்டே, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி எழுது: “வாக்குப் பெற்றவர் தாமாக எதுவும் தராதபோது, வேறொருவர் தந்த மறுபயனை வைத்து வாக்குறுதியை நிறைவேற்றும்படி அவர் கேட்க முடியுமா?” இப்படி எழுதிவிட்டால் ரேஷியோவில், அதாவது தீர்ப்பைத் தாங்கும் சட்டக் காரணத்தில், பாதி எழுதியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கான பதிலும் அதன் காரணமும்தான் மீதி.

அந்த மீதியில்தான் பெரிய சறுக்கல். ரேஷியோ என்ற தலைப்பின் கீழ் நீ எழுதியிருப்பது, “மேல்முறையீடு தள்ளுபடி, வாதிக்குத் தொகை உண்டு.” இது முடிவு. யார் ஜெயித்தார் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் முக்கியம். அடுத்த வழக்குக்குப் பயன்படுவது ஏன் ஜெயித்தார் என்பது. சின்னய்யாவில் அந்த “ஏன்” ஒன்றல்ல, இரண்டு. அமர்வில் இருந்த இரண்டு நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வெவ்வேறு வழியில் வந்தார்கள்.

நீதிபதி இன்னஸ், வாக்குறுதி காப்பாற்றப்படாததால் வாதிக்கு ஏற்படும் இழப்பைப் பார்த்தார். அந்த இழப்பையே மறைமுகமாக வாதியிடமிருந்து வந்த மறுபயனாகக் கொண்டார். 1677-ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கான டட்டன் எதிர் பூல் அவருக்குத் துணை. அதில் தந்தை, மகளுக்குச் சீர் கொடுப்பதற்காக மரம் வெட்டி விற்க நினைக்கிறார். வெட்ட வேண்டாம், தங்கைக்கு நானே ஆயிரம் பவுண்டு தருகிறேன் என்கிறான் மகன். தராமல் போனபோது மகள் போட்ட வழக்கு வென்றது. மறுபயன் எப்படியாவது வாதியிடமிருந்து வந்தாக வேண்டும் என்ற ஆங்கிலச் சிந்தனைக்குள் நின்றபடியே இன்னஸ் ஒரு வழி கண்டார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

நீதிபதி கிண்டர்ஸ்லிக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. தானப் பத்திரமும் மகளின் ஒப்பந்தமும் ஒரே நாளில் எழுதப்பட்டவை, ஆகவே ஒரே நடவடிக்கை. தாய் கொடுத்த நிலமே மகளின் வாக்குறுதிக்கு மறுபயன் என்றார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 2(டி)-யில் “வாக்குப் பெற்றவர் அல்லது வேறு எவரேனும்” ஒன்றைச் செய்தால் அது மறுபயன் என்று இருக்கிறது. “வேறு எவரேனும்” என்ற இரண்டு சொற்கள் போதும். இன்று வகுப்பில் இந்த வழக்குக்காகச் சொல்லப்படும் கோட்பாடு இவருடைய வழியில் வருவது.

“மறுபயன் மூன்றாம் நபரிடமிருந்தும் வரலாம் என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்” என்று உன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முடிவில் ஒருமனம் சரி, காரணத்தில் இல்லை. ப்ரீஃபில் ரேஷியோவுக்கு இரண்டு வரி விட்டு, ஓரத்தில் இ, கி என்று குறி போடு. இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும்: ஹெட்நோட்டிலிருந்து. அது தொகுப்பாசிரியர் எழுதுவது, தீர்ப்பின் பகுதி அல்ல. தீர்ப்பைக் கண்டுபிடிக்க அது உதவும். அதிலிருந்து ரேஷியோவை எடுக்காதே. இந்தத் தீர்ப்பு நீளமானதும் இல்லை, ஒரே உட்காரலில் படித்துவிடலாம்.

இனி மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போகும் குழப்பம். “ஆகவே ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாம் நபரும் வழக்குத் தொடரலாம்” என்று முடித்திருக்கிறாய். இல்லை. மறுபயனுக்கு அந்நியர் ஒருவர், ஒப்பந்தத்துக்கு அந்நியர் இன்னொருவர். சின்னய்யாவின் வாதி மறுபயன் தரவில்லை, ஆனால் ஒப்பந்தம் அவருடனேயே செய்யப்பட்டது. நீ விட்டுவிட்ட அந்த இரண்டாவது ஆவணம் ப்ரீஃபில் இருந்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டாய்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். அப்பா தன் வீட்டை மகனுக்குத் தானமாக எழுதுகிறார், அத்தைக்கு மாதம் ஐயாயிரம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மகன் அன்றே அத்தைக்குக் கைப்பட எழுதி ஒப்புக்கொள்கிறான். பணம் நின்றுபோகிறது. இங்கே சின்னய்யா நேராகப் பொருந்தும். இப்போது ஒன்றை மட்டும் மாற்று: மகன் அத்தைக்கு எதுவும் எழுதித் தரவில்லை, அப்பாவிடம் மட்டும் சரி என்றான். அத்தை இப்போது ஒப்பந்தத்துக்கே அந்நியர். சின்னய்யாவை மட்டும் எழுதினால் விடை அந்தரத்தில் நிற்கும். ஒப்பந்தத்தில் இல்லாதவர் பொதுவாக வழக்குத் தொடர முடியாது என்பதற்கு எம்.சி. சாக்கோ எதிர் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், ஏ.ஐ.ஆர். 1970 எஸ்.சி. 504 வேண்டும். அதன் பிறகே விதிவிலக்கு: அத்தைக்காகச் சொத்தின் மேல் பொறுப்பு ஏற்படுத்தப்பட்டதா, நம்பிக்கைப் பொறுப்பு உண்டா, இது குடும்ப ஏற்பாடா என்று தேட வேண்டும். 1910-இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்த குவாஜா முகமது கான் எதிர் ஹுசைனி பேகம் அந்த இடத்துக்கு வரும்.

கேள்வித்தாள் தயாரிப்பவர் செய்வதும் இதுதான். தெரிந்த வழக்கை எடுத்து ஒரு சங்கதியைத் திருப்பி வைப்பார். அதனால் ஒவ்வொரு ப்ரீஃபின் அடியிலும் “திருப்பினால்” என்று ஒரு வரி எழுது. மற்ற எல்லா வரியையும் விட ரிவிஷனுக்கு உதவுவது அது.

உன் மூன்றரைப் பக்கம் சுருங்கினால் இவ்வளவுதான்:

சின்னய்யா எதிர் ராமய்யா, (1882) ஐ.எல்.ஆர். 4 மெட்ராஸ் 137. பிரிவு 2(டி).
சங்கதி: தாய் மகளுக்கு நிலம் தானம்; உடன்பிறந்தவருக்கு ஆண்டுத்தொகை தர நிபந்தனை. அதே நாளில் மகள் அவருக்கு நேராக ஒப்பந்தம். தரவில்லை.
எழுவினா: வேறொருவர் தந்த மறுபயனை வைத்து வாக்குப் பெற்றவர் வழக்குத் தொடரலாமா?
முடிவு: ஆம்.
ரேஷியோ (கி): இரு ஆவணமும் ஒரே நடவடிக்கை, தாய் தந்த நிலமே மறுபயன், “வேறு எவரேனும்”.
ரேஷியோ (இ): வாதியின் இழப்பே மறைமுக மறுபயன், டட்டன் எதிர் பூல்.
திருப்பினால்: மகள் தாயிடம் மட்டும் ஒப்புக்கொண்டிருந்தால் ஒப்பந்தத்துக்கு அந்நியர், சாக்கோ, பிறகு விதிவிலக்குகள்.

அரைப்பக்கம் கூட வராது. இதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் ஒரு தவறுதான். கண்ணுக்குப் பழகிவிடும், கைக்கு வராது. ரேஷியோ வரிகளை மறைத்துக்கொண்டு, சங்கதியை மட்டும் பார்த்து அவற்றை வெறுந்தாளில் எழுது. அடுத்த வாரம் தலைகீழாக, ரேஷியோவைப் பார்த்துச் சங்கதியை எழுது. இரண்டாவதில்தான் திணறுவாய். எந்தச் சங்கதி வரவில்லையோ அது எந்த ரேஷியோவைத் தாங்குகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அதற்கு மட்டும் தீர்ப்பைத் திற.

அடுத்ததாக துர்கா பிரசாத் எதிர் பல்தேவ், (1880) ஐ.எல்.ஆர். 3 அலகாபாத் 221-ஐ எழுதி அனுப்பு. கலெக்டர் உத்தரவுப்படி ஒருவர் சந்தையைக் கட்டுகிறார், கடைக்காரர்கள் அவருக்குக் கமிஷன் தருவதாகச் சொல்கிறார்கள், தரவில்லை, வழக்குத் தோற்கிறது. பிரிவு அதே 2(டி), தீர்மானித்த சொற்கள் வேறு: “வாக்களித்தவரின் விருப்பத்தின்பேரில்”. நோட்டில் அதைச் சின்னய்யாவுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுது, இரண்டையும் ஒரே பார்வையில் படிக்கலாம்.

அன்புடன்,
அக்கா