சொட்டு எண்ணி பரப்பு இழுவிசை: சிரிஞ்சை நம்பி ஏமாந்தேன்

அக்கா மகளுக்கு பிளஸ் ஒன் ப்ராஜெக்ட். சோப்பு கலந்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசை எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசி இல்லாமல் 5 மில்லியை மெதுவாகத் தள்ளி சொட்டு எண்ணினோம். இழுவிசை குறைந்தால் சொட்டு சிறிதாகி எண்ணிக்கை கூடும். தண்ணீருக்கு 152, பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்ததற்கு 214. கணக்குப் போட்டால் மீட்டருக்கு சுமார் 51 மில்லிநியூட்டன். வழக்கமாக இது 30-ஐ ஒட்டி வர வேண்டும். "மாமா, கணக்குல தப்பா?" என்றாள். கணக்கு சரிதான், நுனிதான் தப்பு.

சொட்டைத் தாங்குவது அது ஒட்டியிருக்கும் வட்டத்தின் விளிம்பு. வட்டம் பெரிதானால் சொட்டும் பெரிதாகும். சிரிஞ்ச் நுனியின் துளை சுமார் 2 மி.மீ., வெளிவட்டம் 4 மி.மீ. சுத்தமான தண்ணீர் பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாமல் துளையின் ஓரத்திலேயே தொங்கியது. சோப்புத் தண்ணீர் பிளாஸ்டிக்கை நனைத்துக்கொண்டு வெளி விளிம்பு வரை பரவி, அங்கிருந்து தொங்கியது. இரண்டு வேறு குழாயில் அளந்த மாதிரி ஆகிவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சொட்டின் கழுத்து அகலமாவது நன்றாகவே தெரியும்.

அதனால் கண்ணாடி நுனி வேண்டும். சுத்தமான கண்ணாடியை இரண்டு திரவமுமே நனைக்கும், இரண்டும் வெளி விளிம்பில்தான் தொங்கும். என் தேர்வு லேபில் கிடக்கும் சாதாரண பியூரெட். நுனி உடைந்ததோ சாய்வாகத் தேய்ந்ததோ வேண்டாம். நுண்துளைக் குழாயில் நீர் ஏறும் உயரத்தை அளக்கும் முறை எனக்குப் பிடிக்காது. அரை மி.மீ. ஆரமுள்ள குழாயில் தண்ணீர் 29 மி.மீ. ஏறும், சோப்புத் தண்ணீர் 12 மி.மீ. அளவுக்குத்தான். அந்த மெல்லிய குழாயின் உள்ளே துளி அழுக்கு இருந்தாலும் உயரம் மாறிவிடும்.

பியூரெட்டைக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நேராக நிறுத்துங்கள். குழாய்த் திருகை ஒரு சொட்டுக்கு ஐந்து நொடி ஆகும்படி வையுங்கள். ஒரு கோட்டிலிருந்து சரியாக 5 மில்லி இறங்கும் வரை எண்ணுங்கள். மூன்று தடவை எண்ணினால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வந்தால் நுனியில் கிரீஸ் இருக்கும்.

எங்களுக்குத் தண்ணீர் 102 சொட்டு. பிறகு ஒரு லிட்டரில் 2 மில்லி லிக்விட் கலந்து, நுரை அடங்கியதும் பியூரெட்டின் சுவரோரமாக ஊற்றி எண்ணியதில் 259. இவ்வளவு நீர்த்த கரைசலின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருக்கும். ஆகவே γ பரப்பு இழுவிசை, n சொட்டு எண்ணிக்கை, 1 தண்ணீர், 2 சோப்புத் தண்ணீர் என்று வைத்தால்:

```
γ2 = γ1 × n1 / n2
   = 71.2 × 102 / 259
   = 28.0
```

71.2 என்பது 30 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் மதிப்பு. உங்கள் அறை 20 டிகிரி என்றால் 72.8 போடுங்கள். இந்த 28 கொஞ்சம் குறைவான விடை. சொட்டு விழும்போது முழுதாக விழுவதில்லை, ஒரு பகுதி நுனியிலேயே தங்கிவிடும். தங்கும் பங்கு சொட்டின் அளவைப் பொறுத்து மாறும். அதைத் திருத்தினால் எங்கள் நுனிக்கு 30 பக்கம் வருகிறது. பள்ளி ப்ராஜெக்டுக்குத் திருத்தம் வேண்டாம், ஆனால் வைவாவில் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்கட்டும்.

லிக்விடை 4 மில்லியாக்கியும் பார்த்தோம்: 260 சொட்டு. பரப்பில் இடம் நிறைந்ததும் மிச்ச சோப்பு மூலக்கூறுகள் தண்ணீருக்குள்ளேயே கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்கின்றன. மேலும் ஊற்றுவது வீண்.

பின்சேர்க்கை 1: லிக்விடை ரொம்பக் குறைவாகக் கலந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். லிட்டருக்கு 0.1 மில்லி கலந்து நானும் செய்தேன். நொடிக்கொரு சொட்டு விட்டால் 118, ஐந்து நொடிக்கொன்று விட்டால் 131. புதிதாக உருவாகும் சொட்டின் பரப்புக்கு மூலக்கூறுகள் வந்து சேர நேரம் வேண்டும். வேகமாக விட்டால் அவை வருவதற்குள் சொட்டு விழுந்துவிடுகிறது. எனவே வேகத்தைக் கடைசி வரை மாற்றாதீர்கள், நோட்டில் எழுதியும் வையுங்கள்.

பின்சேர்க்கை 2: துணி சோப்புக் கட்டியைப் போர் தண்ணீரில் கரைத்து எண்ணியவருக்கு எண்ணிக்கை கூடவே இல்லையாம். வெள்ளையாகத் திரிந்து மிதந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்த உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது. டிஸ்டில்டு வாட்டரில் செய்தபோது எண்ணிக்கை ஏறியது.