வாரக்கணக்கில் ‘Under Review’ என்றே நிற்கும் வேலை விண்ணப்பத்தைப் பற்றி விசாரிப்பது எப்படி?

ஒரு நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் விண்ணப்பித்து மூன்று வாரங்கள் ஆகியும் நிலை ‘Under Review’ என்றே இருந்தால், எதைச் சரிபார்க்க வேண்டும், யாருக்கு, என்ன எழுத வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இது தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். அரசுப் பணிகளில் அறிவிக்கைகளின்படியே தேர்வு நடப்பதால், தேர்வாணையத்திற்கு இப்படித் தனிக் கடிதம் எழுதுவதால் பயன் இல்லை.

விளக்கத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கோவையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறார். சென்னையில் உள்ள ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் அதே பணிக்கு மார்ச் 3 அன்று விண்ணப்பித்தார். மார்ச் 24 வரை நிலையில் எந்த மாற்றமும் இல்லை.

படி 1: அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரிய நிறுவனங்களின் வேலைவாய்ப்புத் தளங்கள் பெரும்பாலும் வொர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ், டேலியோ போன்ற மென்பொருள்களில் இயங்குகின்றன. உள்ளே ரெக்ரூட்டர் விண்ணப்பங்களை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறார். எந்தக் கட்டத்துக்கு வெளியே எந்தச் சொல் தெரிய வேண்டும் என்பதை நிறுவனம் முன்பே அமைத்து வைத்திருக்கிறது. பல உட்கட்டங்களுக்கு ஒரே சொல்லை வைப்பது வழக்கம் என்பதால், இன்னும் யாரும் திறந்து பார்க்காத விண்ணப்பத்துக்கும், துறை மேலாளரின் மேசைவரை போய் அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கும் விண்ணப்பத்துக்கும் உங்கள் திரையில் அதே ‘Under Review’ தான் தெரியக்கூடும்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள் என்பதால், ஆஃபர் லெட்டர் வாங்கியவர் அந்த இடைவெளியில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. அதனால் தேர்வானவர் வந்து சேரும் நாள்வரை மற்றவர்களை நிராகரிக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரெக்ரூட்டர்கள் உண்டு. எனவே அந்தச் சொல்லை மட்டும் பார்த்து நல்லதென்றோ கெட்டதென்றோ முடிவு கட்ட வேண்டாம்.

படி 2: அந்தப் பணியிடம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

கடிதம் எழுதும் முன் செய்ய வேண்டியவற்றில் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். பலர் தவறவிடுவதும் இதைத்தான். ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஒரு எண் உண்டு. விண்ணப்பம் கிடைத்ததாக வந்த மின்னஞ்சலிலோ விளம்பரத்திலோ அது இருக்கும். நம் பொறியாளரின் பணியிட எண் JR-20417 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள்.

விளம்பரம் அதே எண்ணில் இருந்தால், பொதுவாக ஆள் எடுப்பது இன்னும் முடியவில்லை என்று கொள்ளலாம். விளம்பரம் நீங்கியிருந்தாலும் இடம் நிரம்பிவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. போதுமான விண்ணப்பங்கள் சேர்ந்தவுடன் விளம்பரத்தை எடுத்துவிட்டு நேர்காணலைத் தொடங்குவதும் உண்டு. அதே பணி புதிய எண்ணில் வந்திருந்தால் மட்டும் கவனம் தேவை: பழைய எண்ணுக்கு வந்த விண்ணப்பங்கள் புதிய எண்ணுக்குத் தாமாக மாறும் என்று நம்பியிருக்க முடியாது. அப்போது புதிய எண்ணுக்கு மீண்டும் விண்ணப்பித்துவிட்டு, கடிதத்தில் இரண்டு எண்களையும் குறிப்பிடுங்கள்.

படி 3: உங்கள் பக்கம் ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள்

இணையத் தேர்வுக்கான அழைப்போ, விடுபட்ட ஆவணத்துக்கான கோரிக்கையோ ஸ்பேமில் விழுந்து கிடக்கலாம். வொர்க்டே வழியாக விண்ணப்பித்தவர் ஜிமெயிலில் இப்படித் தேடினால், ஸ்பேமும் குப்பைத்தொட்டியும் சேர்த்தே தேடப்படும்:

```
in:anywhere from:myworkday.com
```

பிறகு தளத்தில் உங்கள் பக்கத்தில் நுழைந்து, முடிக்காத பணி ஏதும் காட்டுகிறதா என்று பாருங்கள். தானியங்கி முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினால், அதை யாரும் படிக்க வாய்ப்பில்லை.

படி 4: எழுத வேண்டிய ஆளைக் கண்டுபிடியுங்கள்

லிங்க்ட்இனில் அதே விளம்பரம் இருந்தால், அதை இட்டவரின் பெயர் சில நேரம் அங்கேயே இருக்கும். இல்லையெனில் நிறுவனத்தின் பக்கத்தில் பணியாளர் பட்டியலைத் திறந்து, ‘Talent Acquisition’ என்ற சொல்லையும் ஊரின் பெயரையும் இட்டுத் தேடுங்கள். உங்கள் துறைக்கு ஆள் எடுப்பதாகக் குறிப்பிட்டிருக்கும் ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள். ஒரே அலுவலகத்தில் ஐந்து பேருக்கு ஒரே கடிதம் போனால், இன்னொருவர் பதில் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட இடமாகிறது. அந்நிறுவனத்தில் தெரிந்தவர் இருந்தால், அந்தப் பணியிடத்துக்கு யார் ரெக்ரூட்டர் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டதால், அவர் உங்களை ரெஃபரலாகப் பதிவு செய்ய முடியாமல் போகலாம்.

படி 5: ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்

‘என் விண்ணப்பம் என்ன ஆயிற்று?’ என்று கேட்டால், பதில் சொல்ல அவர் விண்ணப்பத்தைத் தேடி, படித்து, ஒரு கருத்தும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். தேர்வு இன்னும் நடக்கிறதா என்று கேட்டால் அவருக்கு உடனே பதில் தெரியும். அத்துடன் விண்ணப்பித்த பிறகு மாறிய ஒரு செய்தியைச் சேர்த்தால், கடிதத்துக்குத் தனிப் பயன் உண்டாகிறது.

நம் பொறியாளர் விண்ணப்பிக்கும்போது நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று குறித்திருந்தார். மனைவிக்குச் சென்னைக்கு மாற்றல் வந்ததால் மார்ச் நடுவில் பணிவிலகல் கடிதம் கொடுத்தார். கடைசி வேலைநாள் ஏப்ரல் 30 என்று முடிவாயிற்று. விரைவில் சேரக்கூடியவர்களை முதலில் பார்க்கும் ரெக்ரூட்டருக்கு இது முக்கியமான தகவல். மார்ச் 25, செவ்வாய் காலை அவர் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது. அலுவலக வழக்கப்படி நீங்கள் இதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

> பொருள்: தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், JR-20417 – மார்ச் 3 அன்று அனுப்பிய விண்ணப்பம்
>
> வணக்கம். மேற்கண்ட பணிக்கு மார்ச் 3 அன்று உங்கள் தளத்தில் விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தில் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று குறித்திருந்தேன். இப்போது என் கடைசி வேலைநாள் ஏப்ரல் 30 என்று உறுதியாகியுள்ளது. மே முதல் வாரத்தில் சென்னையில் சேர இயலும். இப்பணிக்கான தேர்வு இன்னும் நடைபெறுகிறதா என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.

கீழே பெயரும் கைபேசி எண்ணும் போதும். பணியின் மீதுள்ள ஆர்வத்தை விவரிக்கும் பத்தி இங்கே தேவையில்லை. வேறு நிறுவனத்தின் ஆஃபர் உண்மையாகவே கையில் இருந்தால், அதற்கு நீங்கள் பதில் தர வேண்டிய தேதியை ஒரு வரியில் சேருங்கள். இல்லாத ஆஃபரைச் சொன்னால், அதன் நகலைக் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

படி 6: பதிலைப் படித்து, அடுத்ததைத் தீர்மானியுங்கள்

‘துறையின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று வந்தால், எப்போது மீண்டும் கேட்கலாம் என்று ஒரு தேதி கேட்டு வாங்கி, அதுவரை எழுதாமல் இருங்கள். ‘பணியிடம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்றால் குறை உங்கள் விண்ணப்பத்தில் இல்லை. பணியிடம் மீண்டும் திறந்தால் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். பதிலே வராவிட்டால், ஏழு வேலைநாள் கழித்து அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரி அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது கடிதம் வேண்டாம்.

ஆனால் பொறுமை இழந்து தளத்தில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, புதிதாக அனுப்ப முயலாதீர்கள். அதே எண்ணுக்கு மீண்டும் விண்ணப்பிக்கச் சில தளங்கள் அனுமதிப்பதில்லை. விண்ணப்பம் அப்படியே கிடக்கட்டும். உங்கள் பட்டியலில் அதை முடிந்ததாகக் குறித்துவிட்டு, அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் துறைக்கான புதிய பணியிட அறிவிப்புகளுக்கு மின்னஞ்சல் பதிவு செய்துகொள்ளுங்கள்.