பெட்டிக்கு ஓர் அம்பு, அதன் பிறகே இணை: கால்சியம் வரை ஆர்பிட்டால் பெட்டிப் படங்கள்

கோத்தகிரியில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை வேளையில் வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எலக்ட்ரான் அமைப்பை 1s² 2s² 2p³ என்று பிழையின்றி எழுதிவிடுகிறவர்கள்கூட, அதையே பெட்டிகளில் வரையச் சொன்னால் 2p-யில் வந்து தடுமாறுகிறார்கள். ஆகவே இங்கு அந்த இடத்தையே நிதானமாகப் பார்ப்போம். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ஆடி மாதச் சாரலில் ஈரமேறிய தாளில் பேனா மை பரவி, அம்பின் முனை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று தெரியாமல் போய்விடும்.

முதலில், அம்புகளைப் பற்றி எண்ணாமல் பெட்டிகளை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். ஒரு பெட்டி ஓர் ஆர்பிட்டாலைக் குறிக்கிறது. s-க்கு ஒரு பெட்டி. p-க்கு ஒட்டியபடி மூன்று பெட்டிகள். கால்சியம் வரை நிரப்பும் வரிசை 1s, 2s, 2p, 3s, 3p, 4s என்பதாகும். ஒரு p துணைக்கூட்டில் எலக்ட்ரான் நுழையத் தொடங்கிவிட்டால், அதன் மூன்று பெட்டிகளையும், காலியாக இருப்பவை உட்பட, வரைந்தே ஆக வேண்டும்.

ஓர் அம்பு ஓர் எலக்ட்ரானைக் குறிக்கிறது; அம்பின் திசை அதன் தற்சுழற்சியைக் காட்டுகிறது. அடுத்து, அணு எண் எவ்வளவோ அத்தனை அம்புகளைக் கீழ் ஆற்றலிலிருந்து நிரப்புங்கள். ஒரு பெட்டியில் இரண்டு அம்புகளுக்கு மேல் இடமில்லை. இரண்டு இருந்தால் அவை எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும் என்பது பௌலியின் தவிர்க்கைத் தத்துவம். நைட்ரஜனின் அணு எண் 7. நான்கு அம்புகள் 1s, 2s பெட்டிகளில் இணையாகிவிட, மீதமுள்ள மூன்றும் 2p-க்கு வருகின்றன.

```
N  (7)
1s [↑↓]   2s [↑↓]   2p [↑ ][↑ ][↑ ]
```

மூன்று பெட்டிகளும் சம ஆற்றல் கொண்டவை என்பதால், ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு விழுந்த பிறகே இணை சேர்தல் தொடங்கும். இதுவே ஹுண்ட் விதி. மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறுகிறவர்கள் காலி இருக்கை இருக்கும்வரை அடுத்தவர் பக்கத்தில் அமர்வதில்லை என்று இதை விளக்குவது வழக்கம். எனக்கு அந்த உவமையில் பாதிதான் உடன்பாடு. ஒரே பெட்டியில் அடைபடும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அதிகமாக விலக்குகின்றன என்பதை அது காட்டுகிறது. ஆனால் தனித்தனியாக நிற்கும் மூன்று அம்புகளும் ஏன் ஒரே திசையைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. தற்சுழற்சி ஒரே திசையில் அமையும்போது பரிமாற்ற ஆற்றலால் அணுவின் மொத்த ஆற்றல் மேலும் குறைகிறது என்பதே அதற்கான காரணம். ஆகவே [↑ ][↓ ][↑ ] என்று வரைவதும் தவறுதான்.

இந்த விதி ஒரே துணைக்கூட்டின் பெட்டிகளுக்குள் மட்டுமே செல்லும் என்பதை மறப்பவர்கள், பெரிலியத்துக்கு 2s-இல் ஓர் அம்பும் 2p-யில் ஓர் அம்பும் போட்டுவிடுகிறார்கள். 2s-ஐவிட 2p மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஏறுவதைவிட 2s-இலேயே இணை சேர்வது எலக்ட்ரானுக்குச் செலவு குறைவு. ஆக்சிஜனின் எட்டாவது எலக்ட்ரான் 3s-க்குத் தாவாமல் 2p-யின் ஒரு பெட்டியில் இணையாவதும் இதே கணக்கினால்தான்.

```
O  (8)
1s [↑↓]   2s [↑↓]   2p [↑↓][↑ ][↑ ]
```

இணை சேர்வதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அயனியாக்கும் ஆற்றலில் நேரடியாகவே காணலாம். ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போகையில் அது பொதுவாகக் கூட வேண்டும். ஆனால் நைட்ரஜனுக்கு மோலுக்கு 1402 கிலோஜூல் தேவைப்பட, ஆக்சிஜனுக்கு 1314 போதும். இணைந்த பெட்டியில் உள்ள விலக்கு விசை, அங்கிருந்து ஒரு எலக்ட்ரானை வெளியேற்றுவதை எளிதாக்குகிறது. பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றிலும் இதே சறுக்கல் உண்டு.

கந்தகம் (16) ஆக்சிஜனைப் போலவே முடியும்: 3p-யில் நான்கு அம்புகள், அவற்றில் இரண்டு தனியானவை. ஆர்கானில் (18) 3p நிறைந்துவிடுகிறது. இதற்குப் பிறகு எண் வரிசையை நம்பி 3d-க்குப் போகக் கூடாது; பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4s-தான் முந்துகிறது.

```
Ca (20)
1s [↑↓]   2s [↑↓]   2p [↑↓][↑↓][↑↓]
3s [↑↓]   3p [↑↓][↑↓][↑↓]   4s [↑↓]
```

வரைந்து முடித்ததும் அம்புகளை எண்ணி அணு எண்ணோடு ஒப்பிடுங்கள். பின்னர் தனி அம்புகளை மட்டும் எண்ணுங்கள். கால்சியம் வரை அந்த எண்ணிக்கை எந்தத் தனிமத்திலும் மூன்றைத் தாண்டாது. மூன்று வருவது நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் மட்டுமே. கார்பனுக்குத் தனி அம்பே இல்லை என்று வந்தால் 2p-யில் அவசரப்பட்டு இணை சேர்த்திருக்கிறீர்கள். கால்சியத்துக்கு இரண்டு வந்தால் கடைசி இரண்டு எலக்ட்ரான்களை 3d-யில் போட்டிருக்கிறீர்கள்.