பதில் வராத பில்: கடையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது செய்யும் தவறுகள்

இணையம் இல்லாதபோது பில்லைக் கடை மெஷினிலேயே சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்கான புரோகிராமை எழுதப் புதியவர்களிடம் கொடுத்தால் சீக்கிரமே முடித்துவிட்டுச் செய்து காட்டுவார்கள். கேபிளைப் பிடுங்குவார்கள், பத்து பில் போடுவார்கள், கேபிளைத் திரும்பச் சொருகுவார்கள். பத்தும் போய்ச் சேரும். எல்லோருக்கும் திருப்தி.

ஆனால் கடையில் இணையம் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. பில் பாதி வழியில் இருக்கும்போது போகும். அதைவிட மோசம், பில் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வரும்போது போவது. கேபிளைப் பிடுங்கும் சோதனையில் இந்த நிலை கிட்டத்தட்ட வரவே வராது. அதனால்தான் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அனுப்பக் காத்திருக்கும் பில் வரிசையை மெமரியில் மட்டும் வைப்பது, பாஸ்வேர்டைக் கோடில் எழுதுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

## பதில் வரவில்லை என்றால் பில் போகவில்லை என்று நினைப்பது

7-ஆம் கடை, 2-ஆம் கவுண்டர், பில் 1043, ஒரு பொருளில் 3 பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் பில்லை அனுப்புகிறது. தலைமை அலுவலக சர்வர் அதை எழுதிக்கொண்டு, இருப்பை 40-லிருந்து 37-ஆகக் குறைத்து, 'வந்துவிட்டது' என்று பதில் அனுப்புகிறது. அந்த நேரம் லைன் போகிறது. மெஷின் 30 நொடி காத்திருந்து, 'அனுப்பவில்லை' என்று குறித்துக்கொள்கிறது. இணைப்பு வந்ததும் மறுபடி அனுப்புகிறது. சர்வருக்கு இது புதிய பில். புது எண் கொடுத்து எழுதிக்கொள்கிறது, இருப்பு 34. கடை அலமாரியில் இருப்பதோ 37.

மெஷின் திரும்ப அனுப்பியது தவறே இல்லை. அனுப்பாமல் விட்டால் பில் தொலையலாம். பதில் வராதபோது பில் சேர்ந்ததா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியே இல்லை. எனவே இரண்டாவது முறை வருவதைத் தடுக்க முயல வேண்டாம். வந்தாலும் ஒன்றும் கெடாதபடி சர்வர் இருக்க வேண்டும்.

இருப்புக் கணக்கு தப்பினால்கூட ஒரு நாள் எண்ணிச் சரிசெய்யலாம். எனக்கு இன்னும் எரிச்சல் தருவது பணக் கணக்கு. ஒரே பில் இரண்டு முறை ஏறினால், கல்லாவில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொல்லும் தொகையும் கூடிவிடும். ஒரு கடையில் அடிக்கடி பணம் குறைகிறது என்று கேஷியரைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். குறைந்த நாள்களையும் இணையம் தடுமாறிய நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. கல்லாவில் பணம் சரியாகத்தான் இருந்தது, விற்பனைதான் ஊதியிருந்தது.

அப்புறம் வந்ததுதான் உச்சம். சரிசெய்கிறேன் என்று ஒருவர், ஒரே கவுண்டரிலிருந்து ஒரே தொகையில் ஒரே நிமிடத்தில் வந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடு என்று எழுதினார். மாலைக் கூட்டத்தில் அடுத்தடுத்து வந்த இருவர் அதே ஒரு பொருளை வாங்கிப் போனால்? இரண்டாவது பில் காணாமல் போகும். இப்போது கல்லாவில் பணம் கூடுதல். கேஷியருக்கு மறுபடி விசாரணை.

சரியான வழி சின்னதுதான். பில்லைச் சேமிக்கும் நொடியிலேயே கடை மெஷின் அதற்கு ஒரு தனி அடையாளம் கொடுத்து, பில்லோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். யூயூஐடி போதும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே அடையாளம்தான் போக வேண்டும். பலர் அனுப்பும் ஃபங்ஷனுக்குள் யூயூஐடி உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய அடையாளம் போகும், செய்தது அத்தனையும் வீண்.

சர்வர் பக்கம், போஸ்ட்கிரெஸில் என்றால்:

```sql
INSERT INTO bills (bill_uid, shop_id, counter_no, bill_no, total)
VALUES ($1, $2, $3, $4, $5)
ON CONFLICT (bill_uid) DO NOTHING
RETURNING bill_uid;
```

`bill_uid` மீது யூனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். ஒரு ரோ திரும்பி வந்தால் பில் புதியது, அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருப்பைக் குறைக்கலாம். எதுவும் வரவில்லை என்றால் பில் ஏற்கெனவே இருக்கிறது, இருப்பைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் பதில் ஒன்றே: 'வந்துவிட்டது'. இரண்டாவதற்குப் பிழை என்று பதில் சொன்னால், மெஷின் அதே பில்லை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

யூயூஐடி எதற்கு, 7-2-1043 என்று கடை, கவுண்டர், பில் எண்ணைச் சேர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். டிஸ்க் கெட்டுப்போய், முந்தைய வார பேக்கப்பிலிருந்து மெஷினை மீட்கும் வரை போதும். மீட்டதும் பில் எண் பின்னால் போய்விடும். வேறு வாடிக்கையாளரின் புதிய பில் 7-2-1043 என்றே வரும். சர்வர் அதைப் பழையது என்று சத்தமில்லாமல் தள்ளி, 'வந்துவிட்டது' என்றும் சொல்லிவிடும். எந்த அடையாளம் வைத்தாலும், பில் உள்ளடக்கத்தின் ஹாஷையும் சேமியுங்கள். அடையாளம் ஒன்று, ஹாஷ் வேறு என்றால் தள்ளாமல் தனியே எடுத்து வைத்து ஆளுக்குத் தெரிவியுங்கள்.

## 200 வந்தால் போதும் என்று நினைப்பது

இணைய பேக் தீர்ந்துபோனால் சில இணைப்புகள் துண்டிப்பதில்லை. எந்த முகவரிக்குப் போனாலும் 'ரீசார்ஜ் செய்யுங்கள்' என்ற பக்கத்தைக் காட்டும், அதன் நிலை எண்ணும் பெரும்பாலும் 200. மெஷின் எச்டிடிபிஎஸ் பயன்படுத்திச் சான்றிதழையும் சரிபார்த்தால் இதில் மாட்டாது. சான்றிதழ் பிழை தொல்லையாக இருக்கிறது என்று யாராவது அந்தச் சோதனையை அணைத்திருந்தால் (அணைத்திருப்பார்கள்), வரிசையிலுள்ள பில் எல்லாம் அந்த ரீசார்ஜ் பக்கத்துக்குப் போய், 'அனுப்பியாயிற்று' என்று அழிந்துவிடும்.

சோதனையை அணைக்காதீர்கள். பதிலுக்குள் அதே `bill_uid` இருக்கிறதா என்று பார்த்த பிறகே குறியுங்கள். குறித்த பிறகும் உடனே அழிக்க வேண்டாம், சில வாரங்கள் கிடக்கட்டும்.

## ஒரு கெட்ட பில் வரிசையை அடைப்பது

சர்வரில் இல்லாத பொருள் எண் உள்ள பில் முதலில் நின்றால், பின்னால் உள்ளவை எல்லாம் நிற்கும். உள்ளடக்கம் தவறு என்று சர்வர் தெளிவாக மறுத்தால் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பதிலே இல்லை என்றால் ஒதுக்காதீர்கள், காத்திருங்கள்.

## மெஷின் கடிகாரத்தை நம்புவது

நம்பாதீர்கள்.

## எல்லாக் கடைகளும் ஒரே நொடியில் முட்டுவது

சர்வர் திரும்பி வந்ததும் நடக்கும். காத்திருப்பை ஒவ்வொரு தோல்விக்கும் கூட்டி, கொஞ்சம் தற்செயல் நொடிகளும் சேருங்கள்.

## வரிசை காலியானதைச் சரிபார்ப்பு என்று எடுத்துக்கொள்வது

வரிசை காலி என்றால், மெஷின் எல்லாம் அனுப்பிவிட்டதாக நம்புகிறது, அவ்வளவே. கடை மூடும்போது ஒவ்வொரு கவுண்டரும் அன்றைய முதல் பில் எண், கடைசி பில் எண், எண்ணிக்கை, மொத்தத் தொகை நான்கையும் தனியாக அனுப்பட்டும். சர்வர் தன்னிடம் இருப்பதோடு ஒப்பிடட்டும். சர்வரில் குறைந்தால் எந்த எண்கள் விடுபட்டன என்று கேட்டு, அவற்றை மட்டும் அதே அடையாளத்தோடு திரும்ப அனுப்பச் சொல்லலாம். கூடினால் கேஷியரைக் கூப்பிடும் முன் அந்தக் கவுண்டரில் `bill_no` வாரியாக இரட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.