அட்மின் அசிஸ்டென்டிலிருந்து எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட்: ஒரு ரகசியப் பயணத்தைத் திட்டமிடும் முறை

அட்மின் அசிஸ்டென்டாக இருந்தவரை, "புதன்கிழமைக்கு டிக்கெட் போடுங்கள்" என்றால் டிக்கெட் போட்டதோடு வேலை முடிந்தது. எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் ஆன பிறகு, எந்த விமானம், காலண்டரில் எதைத் தள்ளுவது, யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதையும் நீங்களே யோசித்துக்கொண்டு போக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வரும் ஒரு பயணத்தைச் செய்து பார்ப்போம்.

எம்.டி. வேறொரு நாட்டுக்குப் போகிறார். ஒரு நிறுவனத்தை வாங்குவது பற்றிய பேச்சு. புதன் காலை 10 மணிக்குச் சந்திப்பு, மதியம் 1 மணிக்கு முடியும். அந்த ஊர் நேரம் நமக்கு 3 மணி நேரம் முன்னால்; இங்கே காலை 7 என்றால் அங்கே 10. விமானப் பயணம் 4 மணி நேரம். விஷயம் இன்னும் வெளியே தெரியக் கூடாது.

படி 1: டிக்கெட்டுக்கு முன் கேட்க வேண்டியவை

யார் யாருக்கு இது தெரியும் என்று எம்.டி.யிடமே பெயர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக ஊகிக்க வேண்டாம். அடுத்து பாஸ்போர்ட். பயணத் தேதிக்குப் பிறகும் 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. விசா தேவையா என்பதையும் அன்றே பாருங்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அலுவலகத்தில் கூப்பிடும் சுருக்கப் பெயர் வேண்டாம்.

படி 2: சந்திப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

நம் நேரப்படி நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பினால் அங்கே காலை 7 மணிக்கு இறங்கலாம். குடியேற்றச் சோதனைக்கு ஒரு மணி நேரம், காருக்கு ஒரு மணி நேரம் என்றால் 9 ஆகிவிடும். மிச்சம் ஒரே மணி நேரம். விமானம் 2 மணி நேரம் தாமதமானால் சந்திப்பே போய்விடும். தாமதமே இல்லாவிட்டாலும் பேரம் பேசப் போகிறவர் தூக்கமில்லாமல் உட்கார வேண்டியிருக்கும். அதனால் செவ்வாய் மதியம் 1 மணி விமானம். அங்கே இரவு 8 மணிக்கு இறங்கிவிடுவார்.

திரும்பும் விமானத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 1 மணிக்குச் சந்திப்பு முடியும் என்பதை நம்பி 5 மணி விமானத்தைப் போட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட பேச்சு ஒரு மணி நேரமாவது நீளும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2 மணிக்கு முடிந்து, காரில் ஒரு மணி நேரம், விமான நிலையத்தில் 3 மணி நேரம் என்றால் 6 ஆகிறது. 6.30-க்கோ அதற்குப் பிறகோ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். 6.30-க்குக் கிளம்பினால் நம் நேரப்படி இரவு 7.30-க்கு வந்துவிடுவார். வியாழன் காலை 10-க்கு முன் எதையும் வைக்காதீர்கள்.

போகும் பயணத்துக்கு வராமல் இருந்துவிட்டால், அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணத்தையும் விமான நிறுவனங்கள் பொதுவாக ரத்து செய்துவிடும். அவர் வேறு வழியில் போக நேர்ந்தால் விமானம் கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் பேசி டிக்கெட்டை மாற்றுங்கள்.

படி 3: காலண்டர்

சந்திப்பை அந்த ஊர் நேர மண்டலத்தைக் குறிப்பிட்டே பதியுங்கள். மனக்கணக்காக மாற்றும்போது 3 மணி நேரத்தைக் கழிக்காமல் கூட்டிவிட்டால் 10 மணிச் சந்திப்பு 1 மணிக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

தலைப்பு "வெளியூர்ப் பணி" என்று மட்டும் இருக்கட்டும். கூகுள் காலண்டரிலும் அவுட்லுக்கிலும் பதிவை `Private` ஆக்குங்கள். ஆனால் அதோடு நிறுத்த முடியாது. எம்.டி.யின் காலண்டரைக் கையாள அனுமதி பெற்ற வேறு யாராவது இருந்தால், `Private` பதிவும் அவர்களுக்குத் தெரியக்கூடும். அந்தப் பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள். சந்திப்பு அழைப்பில் உள்ள பெயர்ப் பட்டியலை பொதுவாக அழைக்கப்பட்ட எல்லோரும் பார்க்க முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

காலண்டரே காட்டிக்கொடுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. எம்.டி., நிதித் தலைவர், சட்டத் தலைவர் மூவருக்கும் அதே இரண்டு நாள் "வெளியூர்ப் பணி" என்று இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். மற்ற இருவரின் உதவியாளர்களுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டுவிட்டு, மூன்று பதிவுகளும் ஒரே மாதிரி தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: யாராவது கேட்டால்

பொய்க் காரணம் சொல்லாதீர்கள். "மருத்துவரிடம் போகிறார்" என்று நீங்கள் ஒருவரிடம் சொல்ல, அவர் நலம் விசாரித்து எம்.டி.க்கே எழுதுவார். "செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் இருக்க மாட்டார் சார். வியாழன் 11 மணிக்கு நேரம் தரட்டுமா?" என்றால் போதும். மாற்று நேரம் கையில் கிடைத்ததும் பெரும்பாலும் அடுத்த கேள்வி வராது.

படி 5: தாளும் பில்லும்

பயண விவரத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: விமான எண், இரண்டு ஊர் நேரமும், ஓட்டல் முகவரி, ஓட்டுநரின் தொலைபேசி எண். எதிர் நிறுவனத்தின் பெயர் அதில் வேண்டாம். கார் பதிவிலும் கட்டட முகவரி போதும். பொது பிரிண்டரில் அச்சிட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். மின்னஞ்சலில் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் பெட்டி தானாக நிரப்பும் முகவரி வேறொருவருடையதாக இருக்கலாம். அனுப்பும் முன் முழு முகவரியையும் படியுங்கள்.

திரும்பி வந்ததும் ஓட்டல் பில்லும் டிக்கெட் பில்லும் கணக்குப் பிரிவுக்குப் போகும், ஊர் பெயரோடு. அந்தப் பில்களை யார் பார்ப்பார்கள் என்று நிதித் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொல்லும் ஒருவரிடம் மட்டும் நேரில் கொடுங்கள்.