நாலு அணிக்கும் 4 புள்ளி என்றால் யார் வெளியே? குழுச் சுற்றுப் பட்டியலை நீங்களே போடும் முறை

2024 யூரோ கால்பந்துக் கோப்பையில் உக்ரைன் 4 புள்ளி எடுத்தும் வெளியேறியது. ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காத ஸ்லோவேனியா 3 புள்ளியோடு அடுத்த சுற்றுக்குப் போனது. இது எப்படி நடந்தது என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டால், எந்தப் போட்டியின் பட்டியலையும் நீங்களே கணக்கிடலாம்.

படி 1: எத்தனை பேர் முன்னேறுவார்கள்?

அந்த யூரோவில் 24 அணிகள், 6 குழுக்கள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களைச் சேர்த்தால் 12 அணிகள்தான் வரும். நாக் அவுட்டுக்கு 16 வேண்டும். மீதி நாலு இடம், மூன்றாவதாக வந்த ஆறு அணிகளில் சிறந்த நாலுக்கு. 2026 உலகக் கோப்பையிலும் இதே ஏற்பாடுதான்: 12 குழுக்கள், மூன்றாம் இடத்திலிருந்து 8 அணிகள்.

படி 2: விதியின் வரிசையைப் பாருங்கள்

புள்ளி சமமானால் முதலில் எதைப் பார்ப்பது என்பது போட்டிக்குப் போட்டி மாறும். 2022 உலகக் கோப்பையில் முதலில் பார்த்தது மொத்த கோல் வித்தியாசம். யூரோவில் சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்: அதில் எடுத்த புள்ளி, பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல். 2026 உலகக் கோப்பைக்கும் இந்த வரிசையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான், அதனால் கணக்குக்கு முன்பே விதியைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: கணக்கைப் போடுங்கள்

2024 யூரோவில் உக்ரைன் இருந்த E குழுவின் முடிவுகள் இவை:

ருமேனியா 3 – உக்ரைன் 0
ஸ்லோவாக்கியா 1 – பெல்ஜியம் 0
உக்ரைன் 2 – ஸ்லோவாக்கியா 1
பெல்ஜியம் 2 – ருமேனியா 0
ஸ்லோவாக்கியா 1 – ருமேனியா 1
உக்ரைன் 0 – பெல்ஜியம் 0

ஒவ்வொரு அணிக்கும் ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. நாலு பேருக்கும் 4 புள்ளி. நாலு பேருமே சமம் என்பதால் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள் என்றாலே இந்த ஆறும்தான். எனவே நேராகக் கோல் வித்தியாசம்: ருமேனியா 4 அடித்து 3 வாங்கியது, +1. பெல்ஜியம் 2 அடித்து 1 வாங்கியது, அதுவும் +1. ஸ்லோவாக்கியா 3-3, பூஜ்யம். உக்ரைன் 2-4, அதாவது -2.

இப்போது ருமேனியாவும் பெல்ஜியமும் சமம். நேருக்கு நேர் பெல்ஜியம்தானே ஜெயித்தது, அதுதானே முதலிடம்? இல்லை. நாலு பேருக்கான மூன்று அளவுகோல்களையும் முடித்த பிறகும் சமமாக நிற்பவர்களுக்குத்தான் தனியாக நேருக்கு நேர் பார்ப்பார்கள். மூன்றாவது அளவுகோலான அடித்த கோலிலேயே 4-2 என்று ருமேனியா பிரிந்துவிட்டது. ருமேனியா முதல், பெல்ஜியம் இரண்டு, ஸ்லோவாக்கியா மூன்று.

உக்ரைனைக் கவிழ்த்தது முதல் ஆட்டத்தின் 0-3. அதையே 0-1 என்று தோற்றிருந்தால் உக்ரைன் பூஜ்யத்துக்கு வந்திருக்கும், ருமேனியா -1 ஆகிக் கடைசிக்குப் போயிருக்கும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி மேலும் கோல் விழாமல் தடுக்க ஏன் உயிரைக் கொடுத்து ஆட வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்தக் குழுவைக் காட்டுங்கள்.

படி 4: மூன்றாம் இடத்தவர்களுக்குத் தனிப் பட்டியல்

இவர்கள் வெவ்வேறு குழு. ஒருவரோடு ஒருவர் ஆடியதே இல்லை, ஆகவே நேருக்கு நேர் பேச்சே கிடையாது. புள்ளி, மொத்த கோல் வித்தியாசம், அடித்த கோல் என்று போகும். நெதர்லாந்து, ஜார்ஜியா, ஸ்லோவாக்கியா மூன்றுக்கும் 4 புள்ளி. ஸ்லோவேனியா மூன்றும் டிரா, 3 புள்ளி, வித்தியாசம் பூஜ்யம். ஹங்கேரிக்கும் 3 புள்ளிதான், ஆனால் -3. குரோஷியாவுக்கு 2. மேலே உள்ள நாலும் உள்ளே.

உக்ரைன் இந்தப் பட்டியலிலேயே வராது. நாலாம் இடம் என்றால் எத்தனை புள்ளி இருந்தாலும் கதை முடிந்தது.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. குழுக்கள் வெவ்வேறு நாளில் முடிகின்றன. ஹங்கேரி ஜூன் 23 அன்று ஸ்காட்லாந்தை ஜெயித்துவிட்டு, 26 இரவு வரை காத்திருந்தது. அன்று ஜார்ஜியா 2-0 என்று போர்ச்சுகலை வீழ்த்தியதும் வெளியேறியது. கடைசிக் குழுவினருக்கு எத்தனை புள்ளி தேவை என்று தெரிந்தே ஆட முடிகிறது. முன்னால் முடித்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

படி 5: எல்லாமே சமமானால்?

அட்டைகளை எண்ணுவார்கள். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் தலா 4 புள்ளி, 4 கோல் அடித்து 4 வாங்கியிருந்தன, தங்களுக்குள் 2-2 டிரா. ஜப்பானுக்கு 4 மஞ்சள் அட்டை, செனகலுக்கு 6. ஜப்பான் முன்னேறியது. போலந்திடம் 0-1 என்று பின்தங்கியிருந்தும், கடைசி நிமிடங்களில் ஜப்பான் வீரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மைதானத்தில் கொலம்பியா 1-0 என்று செனகலை முந்தியிருந்தது. அங்கே செனகல் ஒரு கோல் திருப்பியிருந்தால் ஜப்பான்தான் வீட்டுக்குப் போயிருக்கும்.